செட்டொப் பெட்டிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் டிவிக்கும் நடுவில் ரிசீவர்: இணைப்பது முதல் மைக் வைத்து அளப்பது வரை

ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்கி வந்தவுடன் எல்லா வயரையும் செருகி, சத்தம் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. ஸ்பீக்கர் ஐந்தும் பாடும், ஆனால் நாடகத்தில் பேசுகிற குரல் இசைக்குள் அமுங்கிப் போகும். சப்வூஃபர் ஒரு மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஒலி தவறான பாதையில் சுற்றி வருகிறது. மற்றது, அறையின் ஒலியை அளப்பதற்காக ரிசீவரோடு வந்த சின்ன மைக் வெளியே எடுக்கப்படவே இல்லை, அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போது எடுக்கப்பட்டது.

விளங்கப்படுத்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வீடு, கீழே சீலிங் அடித்திருக்கிறது, சீமெந்துத் தரை. ஹோல் 14 அடி நீளம், 11 அடி அகலம். டிவி 11 அடிச் சுவரில் இருக்கிறது. செட்டியில் உட்காருகிறவரின் தலை அந்தச் சுவரிலிருந்து 11 அடி தள்ளி வரும், பின்சுவருக்கு இன்னும் 3 அடி இருக்கும். டிஷ் அன்டெனாவோடு ஒரு செட்டொப் பெட்டி, ஒரு பிளேஸ்டேஷன் 5, 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி, 5.1 ஸ்பீக்கர், டெனன் வகை ரிசீவர். அந்த ரிசீவரில் இருக்கிற அளவீட்டு முறையின் பெயர் ஓடிசி, திரையில் Audyssey என்று வரும். யமஹாவில் இதே வேலையை வைபாவோ செய்யும், பயனியரில் எம்காக். பெயரும் மெனுவும் மாறும், செய்கிற வேலை ஒன்றுதான்.

பிளக் செருகுவதற்கு முன்

ரிசீவரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற வோல்ட்டை முதலில் பாருங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் சந்தைக்குச் செய்த பழைய ரிசீவர்கள் 100 வோல்ட் மட்டுமே எடுப்பவை. பிளக்கை மாற்றி நேரே செருகினால் அந்த நொடியிலேயே உள்ளே எரியும். அப்படி ஒன்று கையில் இருந்தால், அதன் வாட் அளவைத் தாங்குகிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஸ்பீக்கர் வயரை எப்போதும் பிளக் கழற்றிய நிலையிலேயே மாட்டுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் இந்த அளவு ஹோலுக்குத் தாராளமாகப் போதும். முனையில் 10 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் இழை பக்கத்துத் துளையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்புக்காகத் தானாக நின்றுவிடும். ஓன் செய்து சில நொடியில் அணைந்து சிவப்பு விளக்கு மினுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் போக வேண்டும். வயரில் கோடு போட்ட பக்கம் எது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, ஐந்து ஸ்பீக்கருக்கும் அதையே பின்பற்றுங்கள். ஒன்றை மாற்றி மாட்டினாலும் சத்தம் வரும், அதனால் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஸ்பீக்கரின் கோன் மற்றவை முன்னே வரும்போது பின்னே போகும், பாஸ் ஒன்றை ஒன்று அழித்து மெலிந்துவிடும்.

எந்தப் பெட்டி எங்கே

விதி எளிது: படமும் ஒலியும் தருகிற எல்லாப் பெட்டியும் முதலில் ரிசீவருக்குப் போகும், அங்கிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்குப் போகும். செட்டொப் பெட்டியின் கேபிளை CBL/SAT என்று எழுதிய துளையிலும், பிளேஸ்டேஷனின் கேபிளை GAME என்ற துளையிலும் செருகுங்கள். ரிசீவரின் வெளியீட்டுத் துளையில் ARC என்று எழுதியிருக்கும். அதிலிருந்து வருகிற கேபிள் டிவியிலும் ARC அல்லது eARC என்று எழுதிய துளைக்கே போக வேண்டும். டிவியில் நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் இந்த எழுத்து ஒன்றில்தான் இருக்கும். வேறு துளையில் செருகினால் படம் நன்றாக வரும், ஆனால் டிவிக்குள்ளேயே ஓடுகிற யூடியூப்பின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வராது.

அந்தக் கேபிளில் படம் ஒரு திசையில் போக, டிவியின் ஒலி எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. அது வேலை செய்ய, ரிசீவரின் HDMI மெனுவில் HDMI Control, ARC இரண்டையும் On செய்ய வேண்டும். டிவியிலும் அதே வசதியை இயக்க வேண்டும். சாம்சங்கில் அது Anynet+ என்றும், எல்ஜியில் SIMPLINK என்றும், சோனியில் BRAVIA Sync என்றும் இருக்கும். டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை PCM இல் விடாமல் Auto அல்லது Pass-through ஆக்குங்கள். PCM இல் விட்டால் சாதாரண ஏஆர்சி வழியே இரண்டு சேனல் மட்டுமே வரும், 5.1 படம் ஓடினாலும் பின்ஸ்பீக்கருக்கு உரிய தனி ஒலி கிடைக்காது.

கேபிள் வாங்கும்போது பெட்டியில் Premium High Speed என்ற முத்திரை இருப்பதை எடுங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்குத் தேவையான நொடிக்கு 18 கிகாபிட்டை அது தாங்கும். செட்டொப் பெட்டிக்குப் பழைய கேபிளே போதும். பிளேஸ்டேஷனுக்கு அதனோடு வந்த கேபிளையே பாவியுங்கள். மறந்துவிடக் கூடாத ஒன்று: பிளேஸ்டேஷனிலிருந்து ரிசீவருக்குப் போகிற கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ரிசீவரிலிருந்து டிவிக்குப் போவது பழையதாக இருந்தால் படம் விட்டுவிட்டு இருளும். சங்கிலியில் எங்கே பலவீனமோ அங்கேதான் அறும்.

கேபிள் சரியாக இருந்தும், ஒளியும் நிறமும் ஆழமாகத் தெரிகிற எச்டிஆர் படம் வரவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ரிசீவரில் 4K Signal Format என்பதை Enhanced ஆக்க வேண்டும். டிவியிலும் அந்தத் துளைக்கு மட்டும் உரிய அமைப்பு ஒன்று இருக்கும், சாம்சங்கில் Input Signal Plus போல. இரண்டில் ஒன்று அணைந்திருந்தாலும் பிளேஸ்டேஷன் தானாகவே குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும்.

120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதி மாறுகிறது. ரிசீவர் எச்டிஎம்ஐ 2.0 வகை என்றால் அது 4கே 120 ஹெர்ட்ஸைக் கடத்தாது. அப்போது பிளேஸ்டேஷனை நேரே டிவியின் 120 ஹெர்ட்ஸ் துளையில் செருகி, ஒலியை இஏஆர்சி வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்புங்கள். இதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் இஏஆர்சி இருக்க வேண்டும். சாதாரண ஏஆர்சியில் சுருக்காத 5.1 ஒலி போகாது, சுருக்கிய டொல்பி மட்டும் போகும். நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் டிவி 60 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தச் சிக்கலே இல்லை, எல்லாம் ரிசீவர் வழியே போகலாம்.

பெட்டிகளுக்குள் மாற்ற வேண்டியவை

பிளேஸ்டேஷன் 5 இல் Settings, Sound, Audio Output என்று போங்கள். HDMI Device Type என்பதில் AV Amplifier ஐயும், சேனல் எண்ணிக்கையில் 5.1 ஐயும் தெரிவு செய்யுங்கள். ஒலி வடிவத்தில் Linear PCM ஐயே வையுங்கள். விளையாட்டின் ஒலி கருவிக்குள் அந்த வடிவில்தான் உருவாகிறது. அதை டொல்பியாக மாற்றி, ரிசீவர் மறுபடி பிரித்தெடுக்கும்போது சிறு தாமதம் சேரும். ரிசீவரின் முன்பக்கத் திரையில் Multi Ch In என்று வந்தால் பாதை சரி. Stereo என்று வந்தால் AV Amplifier தெரிவு பதிவாகவில்லை, அல்லது விளையாட்டே இரண்டு சேனல்தான்.

செட்டொப் பெட்டியில் ஒலி வெளியீடு PCM, Bitstream அல்லது Dolby Digital என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும். PCM அல்லாததைத் தெரிவு செய்தால், டொல்பியில் வருகிற சேனல்களை ரிசீவர் 5.1 ஆகப் பிரிக்கும். ஸ்டீரியோவில் வருகிற செய்திக்கும் நாடகத்துக்கும் ரிமோட்டில் Dolby Surround முறையைப் போட்டால் குரல் நடு ஸ்பீக்கருக்கு வந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஒரு மாற்றமே அவர்களுக்குப் பெரிய வித்தியாசமாக இருக்கும்.

அவர்களுக்காக இன்னொன்றும் செய்யுங்கள். ரிசீவரை ஓன் செய்யாமல் காலைச் செய்தி பார்க்க வேண்டும் என்றால் HDMI Pass Through ஐ இயக்குங்கள். ரிசீவர் ஸ்டான்ட்பையில் இருந்தபடியே செட்டொப் பெட்டியின் படத்தையும் ஒலியையும் டிவிக்கு விடும். ஸ்டான்ட்பை மின்சாரம் கொஞ்சம் கூடும், ஆனால் "டிவி பழுதாப் போச்சு" என்று வேலையிடத்துக்கு அழைப்பு வராது.

மைக் வைக்கும் நாளும் நேரமும்

மைக் ஒரு ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தத்தையும், அது சுவர், தரை, கூரை பட்டுத் திரும்புவதையும் சேர்த்துக் கேட்கிறது. அதோடு அந்த நேரத்தில் ஹோலில் இருக்கிற மற்ற எல்லாச் சத்தத்தையும் கேட்கிறது. மலையகத்தில் இதுதான் சிரமம். தகரத்தில் தூறல் விழுந்தாலே போதும், அளவீடு கெடும். தென்மேல் பருவக்காற்று காலத்தில் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை விட்டுவிட்டுப் பெய்யும். பதுளைப் பக்கத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. வெயில் அடித்தாலும் முழுமையாக நல்லதில்லை: மேகம் மறைத்து விலகும்போது தகரம் விரிந்து சுருங்கி டிக், டிக் என்று தட்டும். அந்தத் தட்டல் ஒரு அளவீட்டின் நடுவில் விழுந்தால் கணக்கு பிசகும்.

ஆகவே அதிகாலை நல்ல நேரம். கூரை குளிர்ந்திருக்கும், பாதையில் பஸ் குறைவு. தேயிலைத் தொழிற்சாலை அருகில் இருந்தால் கொழுந்து வாட்டுகிற விசிறியின் உறுமலைக் கவனியுங்கள். காதுக்குப் பழகிப் போய் அது கேட்காமலே இருக்கும், ஆனால் தாழ்ந்த ஒலியாக இருப்பதால் சப்வூஃபரின் அளவையே குழப்பும். அது நிற்கிற நேரம் தெரிந்து அளப்பது நல்லது. ஃபிரிட்ஜை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். கோழி, நாய், சுவர்க் கடிகாரம் எதையும் விடாதீர்கள். ஐந்து நிமிடம் செட்டியில் பேசாமல் உட்கார்ந்து கேட்டால், எதை அணைக்க வேண்டும் என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

அளக்கும் முறை

ரிசீவரோடு வந்த மைக்கையே பாவியுங்கள். ஒவ்வொரு வகை மைக்கும் எந்த ஒலியைக் கூட்டி, எதைக் குறைத்துக் கேட்கும் என்று ரிசீவருக்குத் தெரியும், அதை அது கணக்கில் கழித்துவிடும். வேறு வகை மைக் அதே 3.5 மில்லிமீட்டர் துளையில் பொருந்தினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

சப்வூஃபரை முதலில் தயார் செய்யுங்கள். எந்த அளவுக்குக் கீழான ஒலியைப் பாட வேண்டும் என்று பிரிக்கிற குரோஸ்ஓவர் திருகியை ஆக உயர்ந்த அளவுக்கு, அல்லது LFE என்ற இடத்துக்கு வையுங்கள். Phase திருகி சுழியத்தில் இருக்கட்டும். ஓட்டோ ஸ்டான்ட்பையை அணையுங்கள், இல்லாவிட்டால் அளக்கும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். சத்தத் திருகியைப் பாதியில் வையுங்கள். சில ரிசீவர்கள் தொடக்கத்தில் 75 டெசிபலைக் காட்டி, அதற்கு வரும்வரை திருகச் சொல்லும்.

கமரா ஸ்டான்ட் ஒன்றில் மைக்கைப் பூட்டுங்கள். அதன் அடியில் அதற்கான திருகு இருக்கும். இல்லாவிட்டால் பெட்டியில் வந்த காட்போட் கோபுரத்தைச் செட்டியின் மேல் வையுங்கள். கையில் பிடிக்கக் கூடாது, செட்டியின் மெத்தையில் கிடத்தவும் கூடாது. முனை கூரையைப் பார்க்க, உயரம் உங்கள் காதுக்குச் சமமாக இருக்கட்டும். செட்டியின் முதுகு காதைவிட உயரம் என்றால், மைக் அதற்கு மேலே தெரியும்படி கொஞ்சம் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் மெத்தை பின்ஸ்பீக்கரின் சத்தத்தை மறைக்கும்.

மைக்கைச் செருகியதும் டிவி திரையில் Audyssey Setup தானாக வரும். முதல் இடம் நீங்கள் வழக்கமாக உட்காருகிற இடமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கர்களின் தூரமும் சத்த அளவும் இந்த முதல் அளவீட்டிலிருந்துதான் கணிக்கப்படுகிறது. அடுத்த ஐந்து இடங்கள் அறையின் ஒலி எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு: இடப்பக்கம் 2 அடி, வலப்பக்கம் 2 அடி, முன்னே 1 அடி, முன்னே இடது, முன்னே வலது. எல்லாமே முதல் இடத்திலிருந்து 2 அடிக்குள் இருக்கட்டும். ஹோலின் நாலு மூலைக்கும் கொண்டுபோனால், யாரும் உட்காராத இடத்துக்காக ஒலி திருத்தப்படும்.

ஒவ்வொரு முறையும் அளவீட்டைத் தொடக்கிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள், அல்லது மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வராமல் ஒரு மூலையில் அசையாமல் நில்லுங்கள். சூ என்று ஏறுகிற ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி வரும். சுற்றுச்சத்தம் கூடுதல் என்று திரையில் எச்சரிக்கை வந்தால் மறுமுறை முயலுங்கள். யமஹாவில் இதே செய்தி E-5 என்று வரும்.

வந்த கணக்கை வாசிப்பது

சேமிப்பதற்கு முன் Details பக்கத்தைப் பாருங்கள். நம் வீட்டில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: முன் இடது 10.6 அடி, முன் வலது 10.5, நடு 10.0, பின் இரண்டும் 5.9, சப்வூஃபர் 15.8. டேப் பிடித்து அளந்தால் முன் ஸ்பீக்கர்களும் நடுவும் பின்னும் அநேகமாக அதே அளவுதான். ஆனால் சப்வூஃபர் உண்மையில் 11 அடி தூரத்தில்தான் இருக்கிறது. பலர் இதைப் பிழை என்று நினைத்து 11 ஆக மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கிற மின்சுற்று சத்தத்தைச் சற்றுத் தாமதமாக விடுகிறது, ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. இங்கே கூடியிருக்கிற ஏறக்குறைய 5 அடி, 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். அதை நீங்கள் அழித்தால் பாஸ் பின்தங்கி வரும்.

ஆனால் முன் ஸ்பீக்கர் ஒன்று 10.6 அடி என்றும் மற்றது 14 அடி என்றும் வந்தால் அது பிழைதான். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஏதோ நின்றது, அல்லது சுவரில் பட்ட ஒலியை அது முதல் ஒலியாக எடுத்துக்கொண்டது. மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்து சத்த அளவு. சப்வூஃபரில் -12 என்று வந்தால் அது ரிசீவரால் குறைக்க முடிந்த எல்லை. உண்மையில் இன்னும் குறைக்க வேண்டியிருந்திருக்கலாம், அதற்கு இடமில்லை. சப்வூஃபரின் திருகியைக் குறைத்து முதலிலிருந்து அளக்க வேண்டும். -3 முதல் -6 வரை வந்தால் நிம்மதி.

பின் இடது ஸ்பீக்கருக்கு Phase என்ற எச்சரிக்கை வந்தால், யமஹாவில் W-1, ஸ்பீக்கரின் பின்னாலும் ரிசீவரின் பின்னாலும் சிவப்பையும் கறுப்பையும் பாருங்கள். மாறியிருந்தால் பிளக்கைக் கழற்றி மாற்றி மாட்டுங்கள். மாறவில்லை என்று கண்ணால் உறுதியானால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம். சில ஸ்பீக்கர்களின் உள்வடிவமைப்பாலும், பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியாலும் அது பொய்யாகவே வரும்.

கடைசியில் கையால் மாற்ற வேண்டிய ஒரே இடம், ஸ்பீக்கரின் அளவு. தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற சிறிய ஹோலில் தாழ்ந்த ஒலி சுவர்களில் பட்டுக் குவிகிறது. அதனால் முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் Large, அதாவது ஆழமான பாஸையும் தாமே பாடக்கூடியவை, என்று முடிவு செய்துவிடலாம். அதை Small ஆக்கி, குரோஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பின் ஸ்பீக்கருக்கு 100 என்று வந்திருந்தால் 100 ஆகவே விடுங்கள். உயர்த்தலாம், ஆனால் அது கண்டுபிடித்த அளவைவிடக் கீழே இறக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குக் கீழே ஸ்பீக்கரும் வலுவாகப் பாடாது, திருத்தமும் செய்யப்பட்டிருக்காது. LPF for LFE 120 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும்.

Dynamic EQ குறைந்த சத்தத்தில் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். இரவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் படம் பார்ப்பவர்களுக்கு நல்லது. செட்டொப் பெட்டியின் ஒலி ஏற்கெனவே உரத்துப் பதிவானது என்பதால், அந்த உள்ளீட்டுக்கு மட்டும் Reference Level Offset ஐ 10 டெசிபலுக்கு வையுங்கள். பிளேஸ்டேஷனில் சுழியமாக விட்டுக் கேட்டுப் பாருங்கள், பாஸ் அதிகமாகப் பட்டால் 5 ஆக்குங்கள்.

செட்டியை நகர்த்தினாலோ, தரைக்கு விரிப்புப் போட்டாலோ, ஜன்னலுக்குத் தடித்த திரை மாட்டினாலோ மறுபடி அளக்க வேண்டும். அதுவரை மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற வீட்டில் திறந்த மேசையில் கிடந்தால் ஈரம் ஏறும். ரிசீவரின் மேலேயும் வைக்காதீர்கள், அங்கே சூடு. அதன் மேல்பக்கத்தில் காற்றுப் போவதற்கும் ஒரு சாண் இடம் விட வேண்டும்.

இப்படி எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த பிறகு ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும்போது, டிஷ்ஷிலிருந்து வருகிற கேபிள் வழியே மின்னழுத்தம் செட்டொப் பெட்டிக்குள் வரும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கும் டிவிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் போகும். சுவரில் சுவிட்சை அணைப்பது இதற்குப் போதாது. முழக்கம் தொடங்குவதற்கு முன்பே பிளக்குகளைக் கழற்றி, டிஷ் கேபிளையும் செட்டொப் பெட்டியின் பின்னாலிருந்து திருகி எடுத்துத் தள்ளிப் போடுங்கள். முழக்கம் கேட்கத் தொடங்கிவிட்டால் பிளக்கையோ அந்தக் கேபிளையோ கையால் தொட வேண்டாம்.